இடறியதும் ‘ச’வுக்கு ஓடாதீர்கள்: பேண்டில் சேர்ந்திருக்கும் புதிய பிள்ளைகளுக்கு

வாருங்கள் பிள்ளைகளே. உங்களுக்கு வாத்தியம் கொடுத்தாயிற்று, கூடவே தினமும் 15 நிமிட ஸ்கேல் பயிற்சியும். “சார், பாட்டு எப்போது?” என்று இப்போதே இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். குடியரசு தின அணிவகுப்பில் நிமிடத்துக்கு 120 அடி நடப்போம். அடிக்கு இரண்டு ஸ்வரம் என்றால் வினாடிக்கு நான்கு. அந்த வேகத்தில் அடுத்த விரல் எது என்று யோசிக்க நேரம் கிடைக்காது. பாட்டில் வருவது பெரும்பாலும் ஸ்கேலின் துண்டுகள்தான். அதை விரல் முன்பே அறிந்திருக்க வேண்டும்.

வாத்தியத்தைத் துடைக்காமல் பெட்டியில் வைப்பது, ரீடை நனைக்காமல் ஊதுவது போன்ற தவறுகளை நான் சொல்லப்போவதில்லை. உங்கள் சீனியர்கள் போதும் போதும் என்கிற அளவுக்குச் சொல்வார்கள். ஸ்கேல் பயிற்சியில் நீங்கள் செய்யப்போகும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

இடறியதும் முதலுக்கு ஓடுவது

வருடா வருடம் என் பொறுமையைச் சோதிப்பது இதுதான்.

முதலில் வாசிக்கப்போகும் ஸ்கேல், சங்கராபரணத்தின் ஆரோகணம்தான். கிளாரினெட்டில் ச முதல் ப வரை சுகமாக ஏறலாம். விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்தால் ‘ப’வில் எல்லாத் துளைகளும் திறந்திருக்கும். ‘த’வுக்கு இடது ஆள்காட்டி விரலால் ஒரு கீயை அழுத்தினால் போதும். அடுத்த ‘நி’யில்தான் வம்பு. இடது கட்டைவிரல் தன் துளையை மூடிக்கொண்டே அதற்குச் சற்று மேலே இருக்கும் ரிஜிஸ்டர் கீயையும் அழுத்த வேண்டும். மற்ற விரல்கள் எல்லாம் அதே நொடியில் இறங்க வேண்டும். ஏதாவது ஒரு துளை மயிரிழை திறந்திருந்தாலும் ஒன்று கீச்சிடும், இல்லை சத்தமே வராது.

போன வருடம் ஒரு பையன் ‘நி’ கீச்சிட்டதும் முகம் சுளிப்பான், உடனே ‘ச’வுக்குப் போய்விடுவான். மறுபடி ஏறுவான், மறுபடி கீச்சு. வராந்தாவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பத்து முறை ஏறி ஒரு முறை தேறினால் என்ன கணக்கு? ‘ச’ பத்து முறை சரி, ‘நி’ ஒன்பது முறை தவறு. முன்பே தெரிந்த ஆறு ஸ்வரங்களுக்குத்தான் பயிற்சி நடக்கிறது.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. கொஞ்ச நாளில் கீச்சு நின்றுவிடும், பயம் நிற்காது. ‘த’வில் ஒரு கணம் தயங்கிவிட்டுத்தான் ‘நி’க்குப் போவார்கள். அந்தத் தயக்கம் ஸ்கேலோடு ஒட்டிக்கொள்ளும். விளையாட்டு விழா அணிவகுப்பில் கிளாரினெட் வரிசை முழுவதும் ஒரே இடத்தில் அரைத் தட்டு பிந்தியது. நடை எங்கேயோ, பாட்டு எங்கேயோ. அதைச் சரிசெய்ய அடுத்த பருவம் முழுவதும் போயிற்று.

என்ன செய்ய வேண்டும்? இடறிய இடத்திலேயே நில்லுங்கள். த, நி இரண்டை மட்டும் எடுங்கள். ‘த’ ஊதும்போதே வலது கை விரல்களைத் தத்தம் துளைகளின் மேல் மூடி வைத்துக்கொள்ளுங்கள். ‘த’வின் ஒலி கெடாது. இனி ‘நி’க்கு இடது கை மட்டும் இறங்கினால் போதும். ஆள்காட்டி விரலைத் தூக்கிப் போடாமல் கீயிலிருந்து துளைக்கு உருட்டுங்கள். தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, ஸ்வரத்துக்கு இரண்டு தட்டு. தொடர்ந்து ஐந்து முறை சுத்தமாக வந்த பிறகு ‘ப’வைச் சேருங்கள்: ப, த, நி. பிறகு ம. இப்படிப் பின்னாலிருந்து வளர்த்தால் கடினமான இடம்தான் அதிகம் பழகும்.

டிரம்பெட்டில் இடறும் இடம் வேறு. ‘ப’வுக்கும் மேல் ‘ச’வுக்கும் எந்த வால்வும் அழுத்துவதில்லை, வித்தியாசம் உதட்டிலும் காற்றிலும்தான். ‘ச’வுக்குப் போனதாக நினைத்துப் ‘ப’விலேயே நிற்பவர்கள் உண்டு. விரல் சரியாக இருப்பதால் தவறு கண்ணுக்குத் தெரியாது. பக்கத்தில் இருப்பவரை ‘ச’ ஊதச் சொல்லி ஒத்துக் கேளுங்கள். அங்கேயும் பின்னாலிருந்துதான்: நி, ச இரண்டு மட்டும்.

வேகம்

60-இல் வராதது 100-இல் வராது.

ஏறுவதோடு நிறுத்துவது

இறங்கவும் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைக் கடன்

வாரம் முழுக்க விட்டுவிட்டு ஞாயிறன்று இரண்டு மணி நேரம் ஊதுவது பித்தளை வாத்தியக்காரர்களின் வழக்கம். உதட்டுத் தசை களைத்ததும் வாய்முனையை உதட்டில் அழுத்தித்தான் மேல் ஸ்வரத்தை எடுப்பார்கள். அந்த அழுத்தம் பழகிவிட்டால் விடுவிப்பது பெரும்பாடு. திங்களன்று உங்கள் உதட்டில் வளையத் தழும்பு தெரிந்தால் எனக்கு விஷயம் புரிந்துவிடும். 15 நிமிடத்தில் உதடு களைத்தால் நடுவில் இரண்டு நிமிடம் வாத்தியத்தைக் கீழே வையுங்கள்.

நாளை காலை பிரேயருக்கு முன்பு கிளாரினெட் பிள்ளைகள் மட்டும் பேண்ட் அறைக்கு வாருங்கள். த, நி தவிர வேறு எதுவும் வாசிக்கப்போவதில்லை.