டர்க்காய்ஸ், லாபிஸ் வாங்கும்போது ‘ஒரிஜினலா?’ என்று கேட்காதீர்கள்

‘ஒரிஜினல் கல்தானே?’ என்று கேட்டால் விற்பவர் ‘ஆமாம்’ என்பார். பெரும்பாலும் அது பொய்யாகவும் இருக்காது. ரெசின் ஊட்டிய டர்க்காய்ஸும் கல்தான், சாயம் போட்ட லாபிஸும் கல்தான். கேள்வியிலேயே ஓட்டை இருந்தால் பதிலைக் குறை சொல்லிப் பயனில்லை.

முதலில், கல்லுக்கு என்ன செய்திருப்பார்கள்?

டர்க்காய்ஸ் நுண்துளைகள் நிறைந்த கல். வெட்டியெடுப்பதில் பெரும்பகுதி சுண்ணாம்புக்கட்டி போல மென்மையாக, வெளிறிப்போய் இருக்கும். அப்படியே பட்டை தீட்டினால் உதிர்ந்துவிடும். அதனால் அழுத்தத்தில் ரெசினை உள்ளே ஏற்றி இறுக வைக்கிறார்கள். இதுதான் ‘ஸ்டெபிலைஸ்டு’. ரெசினோடு நிறத்தையும் கலந்து ஏற்றினால் அது சாயக் கல். துண்டுகளையும் தூளையும் ரெசினில் குழைத்துக் கட்டியாக்கினால் ‘ரீகான்ஸ்டிடியூட்டட்’. இதே பெயரில் டர்க்காய்ஸே இல்லாத வெறும் பிளாஸ்டிக் கட்டியும் விற்பனையாகிறது.

லாபிஸில் சிக்கல் வேறு. அது நீல லாஜுரைட், வெள்ளைக் கால்சைட், பொன்னிறப் பைரைட் மூன்றும் கலந்த பாறை. வெள்ளை அதிகமானால் மதிப்புக் குறையும் என்பதால், அதை மறைக்க நீலச் சாயம் போட்டு, சாயம் கசியாமலிருக்க மேலே மெழுகும் பூசுகிறார்கள்.

என்னைக் கேட்டால், நிறமில்லாத ரெசின் மட்டும் ஏற்றியதில் தப்பே இல்லை. தினமும் போடும் நகைக்கு அதுவே நல்லது. அதைச் சொல்லாமல் விற்பதுதான் தப்பு.

இரண்டாவது, துளையைப் பாருங்கள்

மணிமாலையானால் நூல் கோக்கும் துளைதான் உங்கள் சாட்சி. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை எடுத்து, நல்ல வெளிச்சத்தில் துளையின் உள்ளே பாருங்கள். மேலே நீலம், உள்ளே வெள்ளை என்றால் அது அநேகமாகச் சாயம் ஏற்றிய ஹௌலைட் அல்லது மேக்னசைட் என்னும் வெள்ளைக் கல். விரிசல் கோடுகளில் மட்டும் நிறம் திட்டாகத் தேங்கியிருந்தாலும் சாயம்தான். வெவ்வேறு நீலத்தில் கூரான சில்லுகள், இடையில் பசை போன்ற கோடுகள் தெரிந்தால் அது ஒட்டிச் சேர்த்த கல். லாபிஸில் பைரைட் அங்கங்கே திட்டாகவும் கோடாகவும் ஓடும். மணல் தூவினாற்போல் எங்கும் ஒரே சீராக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

மூன்றாவது, அசிட்டோன்

நான் வாங்கிய ஒரு லாபிஸ் மாலையில் நடந்தது இது. பஞ்சுக்குச்சியை அசிட்டோனில் நனைத்து ஒரு மணியின் துளை ஓரத்தில் தேய்த்தேன். பஞ்சு வெள்ளையாகவே வந்தது. சந்தோஷப்பட்டு மூடி வைக்கப் போனவன், எதற்கும் இருக்கட்டும் என்று அதே இடத்தில் புதுப் பஞ்சால் மறுபடி தேய்த்தேன். இந்தத் தடவை இங்க் ஒற்றியதுபோல் நீலம். முதல் தடவை போனது மெழுகு. இரண்டாம் தடவைதான் சாயம் எட்டியது. அதனால் எப்போதும் இரண்டு தடவை, கண்ணில் படாத இடத்தில். உங்களுடையதாகாத கல்லில் என்றால் விற்பவரிடம் சொல்லிவிட்டு. நெருப்புக்கும் மெருகெண்ணெய்க்கும் பக்கத்தில் அசிட்டோன் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை: பஞ்சில் நிறம் வந்தால் சாயம் உறுதி. வராவிட்டால் சாயமில்லை என்று உறுதியில்லை. ரெசினுக்குள் பூட்டிய நிறம் கசியாது. டர்க்காய்ஸின் நுண்துளைகளைக் குறைக்கும் ஸாக்கரி முறை என்றொன்று உண்டு. அதில் ரெசினே கிடையாது, லென்ஸிலும் பஞ்சிலும் பிடிபடாது. ஆய்வகத்தில் வேதியியல் பரிசோதனை செய்தால்தான் தெரியும்.

நான்காவது, கேட்கும் விதம்

ஒரே கேள்வியாகக் கேட்காமல் பிரித்துக் கேளுங்கள். ஒரு டர்க்காய்ஸ் மாலைக்காக நான் அனுப்பிய செய்தி:

“வணக்கம் சார். இந்த மணிகள் ஒரே பாறையிலிருந்து வெட்டியதா, தூள் சேர்த்துக் கட்டியதா? ரெசின் ஏற்றியிருக்கிறதா? ஏற்றியிருந்தால் நிறம் கலந்தா, கலக்காமலா? பதிலை அப்படியே பில்லில் எழுதித் தர முடியுமா?”

“எல்லாம் நேச்சுரல்தாங்க, பயப்படாதீங்க” என்று வந்தது பதில். நேச்சுரல் என்பது என் மூன்று கேள்விகளில் எதற்குமே பதிலில்லை. விடாமல், “ரெசின் உண்டா, இல்லையா? அதுமட்டும் சொல்லுங்க சார்” என்றேன். சற்று நேரம் கழித்து, “ஸ்டெபிலைஸ் பண்ணதுதாங்க. கலர் சேர்க்கலை. வெட்டின கல்தான்” என்றார்.

‘எங்களுக்கு வந்ததை அப்படியே விற்கிறோம், தெரியாது’ என்று சொல்பவரும் உண்டு. நேர்மையான பதில்தான்; ஆனால் அந்தக் கல்லைச் சாயக் கல்லின் விலைக்கு மேல் மதிக்காதீர்கள்.

என் பில்லில் ‘டர்க்காய்ஸ், ரெசின் ஏற்றியது, சாயமில்லை’ என்று எழுதி வாங்கினேன். மாலை வந்ததும் துளையைப் பார்த்தேன், பஞ்சால் இரண்டு தடவை தேய்த்தேன். இரண்டு பஞ்சும் வெள்ளை.