நிணநீர்க் கணு ஸ்லைடில் நெக்ரோசிஸ் உள்ள கிரானுலோமாவைக் கண்டுபிடிப்பது எப்படி?

கழுத்தில் வீங்கிய நிணநீர்க் கணுவை வெட்டி எடுத்து, எச் அண்ட் ஈ சாயம் போட்ட ஸ்லைடு கையில் இருக்கிறது. அதில் கிரானுலோமா இருக்கிறதா, ஜெயன்ட் செல் இருக்கிறதா, நடுவில் நெக்ரோசிஸ் இருக்கிறதா என்று சொல்ல வேண்டும். ஃபோகஸ் செய்வது, சாயம் போடுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராகப் பார்வைக்கு வருகிறேன்.

படி 1: 4 ஆப்ஜெக்டிவில் முழு ஸ்லைடும்

சாதாரண நிணநீர்க் கணு நீலமாகத் தெரியும். லிம்போசைட்டுகள் நெருக்கமாக நிரம்பியிருப்பதால் வரும் நீலம் அது. அந்த நீலத்தை உடைத்துக்கொண்டு இளஞ்சிவப்பாகத் தெரியும் திட்டுகளைத் தேடுங்கள். ஸ்லைடின் பின்புறம் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்துவிட்டு நகருங்கள். எடுத்தவுடன் 40-க்குத் தாவுகிறவர்களுக்குத் தனித்தனி செல் தெரியும், கிரானுலோமா தெரியாது. அது ஒரு கூட்டம், எல்லையோடு பார்த்தால்தான் புலப்படும். பாதி வேலை 10 ஆப்ஜெக்டிவில்தான் நடக்கும் என்பது என் கருத்து.

படி 2: வெளிறிய வட்டம் எல்லாம் கிரானுலோமா இல்லை

நிணநீர்க் கணுவில் ஜெர்மினல் சென்டரும் வெளிறிய வட்டமாகத்தான் இருக்கும். புதியவர்கள் முதலில் குழம்புவது இங்கேதான். 10-ல் மூன்று விஷயம் பாருங்கள். ஜெர்மினல் சென்டரைச் சுற்றி அடர்நீலச் சிறு லிம்போசைட்டுகளின் வளையம் இருக்கும். உள்ளே இருப்பவையும் உட்கரு நெருங்கிய லிம்பாய்டு செல்கள்தான். ஆங்காங்கே, உடைந்த உட்கருத் துணுக்குகளை விழுங்கிய மேக்ரோபேஜ்கள் தனித்தனியாகத் தெரியும். கிரானுலோமாவிலோ சைட்டோபிளாசம் தாராளமாக இருப்பதால் உட்கருக்களுக்கு நடுவில் இடைவெளி விழும், மொத்தத் திட்டும் இளஞ்சிவப்பாகும். கிரானுலோமாவைச் சுற்றியும் லிம்போசைட் வளையம் வரும் என்பதால் வளையத்தை மட்டும் நம்ப வேண்டாம். உள்ளே என்ன செல் என்பதுதான் முடிவு செய்யும்.

படி 3: எபிதீலாய்டு செல்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன். ஜெயன்ட் செல் இல்லாமலும் கிரானுலோமா இருக்கலாம், நெக்ரோசிஸ் இல்லாமலும் இருக்கலாம். எபிதீலாய்டு செல் கூட்டம் இல்லாமல் கிரானுலோமா இல்லை.

40-ல் பார்த்தால் அதன் உட்கரு நீண்டு, வெளிறி, செருப்படித் தடம் போல ஓரிடத்தில் லேசாக ஒடுங்கியிருக்கும். சைட்டோபிளாசம் மங்கிய இளஞ்சிவப்பு. ஒரு செல் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று கோடு போட முடியாது. எனக்கு உட்கருவைவிட இந்த எல்லையில்லாத் தன்மைதான் உறுதியான அடையாளம்.

இதோடு குழப்பும் இரண்டைச் சொல்லிவிடுகிறேன். நிணநீர்க் கணுவின் சைனஸ்களில் இருக்கும் ஹிஸ்டியோசைட்டுகள் உருண்டையாக, ஒன்றையொன்று ஒட்டாமல், சைனஸ் குழிக்குள் மிதப்பவை போல இருக்கும். ஃபைப்ரோபிளாஸ்டின் உட்கரு மெலிந்து, இரண்டு முனையும் கூர்ந்து, அடர்த்தியாக இருக்கும், பக்கத்தில் கொலாஜன் இழைகளும் ஓடும்.

கண்டென்சரின் டயாஃப்ரத்தை மிகவும் மூடாதீர்கள். மூடினால் படம் கூர்மையானது போலத் தோன்றும். உண்மையில் நுணுக்கம் குறைந்து, செல் ஓரங்களில் இல்லாத கோடுகள் தெரிய ஆரம்பிக்கும். ஆப்ஜெக்டிவின் அபெர்ச்சரில் முக்கால் பங்கு அளவுக்குத் திறந்து வைத்துப் பாருங்கள், எல்லை மங்கலாக இருப்பது நன்றாகப் புலப்படும்.

படி 4: ஜெயன்ட் செல்

எபிதீலாய்டு செல்களைக் கண்டுபிடித்துவிட்டால் இது எளிது. ஒரே சைட்டோபிளாசத்துக்குள் பல உட்கருக்கள் இருக்கும். பக்கத்தில் சிவப்பணு இருந்தால் அதை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். அது சுமார் 7 மைக்ரான், ஜெயன்ட் செல் அதைப் போலப் பல மடங்கு அகலம். உட்கருக்கள் ஓரத்தில் லாட வடிவில் அடுக்கியிருந்தால் லாங்ஹான்ஸ் வகை, உள்ளே சிதறியிருந்தால் ஃபாரின் பாடி வகை. லாங்ஹான்ஸ் வகையைப் பார்த்ததும் காசநோய் என்று எழுதிவிடக் கூடாது. சார்காய்டோசிஸிலும் பூஞ்சைத் தொற்றிலும் அது வரும். ஃபாரின் பாடி வகை தெரிந்தால் போலரைசர் போட்டுப் பாருங்கள், தையல் நூல் போன்றவை பளிச்சென்று மின்னலாம்.

ஃபைன் ஃபோகஸை மேலும் கீழும் அசைத்துப் பார்ப்பதும் முக்கியம். ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து ஜெயன்ட் செல் போலத் தோன்றும் செல்களில் உட்கருக்கள் வெவ்வேறு ஆழத்தில் தெளிவாகும்.

படி 5: நடுவில் இருப்பது நெக்ரோசிஸ்தானா?

காசநோயில் வரும் கேசியேஷன் என்றால் இளஞ்சிவப்பாக, பொடிப்பொடியாக, உருவமே இல்லாமல் இருக்கும். பழைய செல்களின் வெளிக்கோடு தெரியாது. ஓரத்தில் நீலத் தூசி போல உட்கருத் துணுக்குகள் கிடக்கலாம். செல்களின் நிழல் வடிவம் மிஞ்சியிருந்தால் அது கோயாகுலேட்டிவ் நெக்ரோசிஸ், அப்போது கணு கட்டியாலோ ரத்த ஓட்டத் தடையாலோ அழிந்ததா என்று யோசிக்க வேண்டும். நடுவில் நியூட்ரோஃபில்கள் குவிந்திருந்தால் அது சீழ் கலந்த கிரானுலோமா; பூனைக் கீறல் நோய், பூஞ்சை போன்றவை நினைவுக்கு வர வேண்டும். வழவழப்பாக, கண்ணாடி போலச் சீராக இருந்தால் பழைய கொலாஜனாக இருக்கலாம், சந்தேகம் இருந்தால் ட்ரைக்ரோம் சாயம் தீர்த்துவைக்கும்.

ஒரு ஸ்லைடை முழுதாகப் பார்ப்போம்

4-ல் பார்க்கும்போது நீலத்துக்கு நடுவே இரண்டு பெரிய இளஞ்சிவப்புத் திட்டுகள், ஓரம் ஒழுங்கில்லாமல். 10-ல் ஒவ்வொன்றின் நடுவிலும் உட்கருவே இல்லாத பகுதி, அதைச் சுற்றி வெளிறிய பட்டை, அதற்கும் வெளியே லிம்போசைட்டுகள். 40-ல் அந்தப் பட்டை எபிதீலாய்டு செல்களால் ஆனது, அதில் சில லாங்ஹான்ஸ் செல்கள். நடுப்பகுதியில் செல் நிழல்களும் இல்லை, நியூட்ரோஃபில் குவியலும் இல்லை. இதை நான் இப்படித்தான் எழுதுவேன்: நெக்ரோசிஸோடு கூடிய கிரானுலோமா வகை நிணநீர்க் கணு அழற்சி, கேசியேஷன் தோற்றம், காசநோயோடு பொருந்துகிறது, சிறப்புச் சாயங்களும் கல்ச்சரும் தேவை.

அப்புறம் காசநோய் பாக்டீரியாவைத் தேட ஸீல்–நீல்சன் சாயம். 100 ஆயில் ஆப்ஜெக்டிவில் நெக்ரோசிஸும் எபிதீலாய்டு பட்டையும் சந்திக்கும் ஓரத்தில் பொறுமையாகத் தேடுங்கள், ஜெயன்ட் செல்களின் உள்ளேயும் பாருங்கள். பாக்டீரியா சிவப்பாக, மெலிதாக, சில மைக்ரான் நீளத்தில், சிலது மணி கோத்தது மாதிரி இருக்கும். கூடவே பாசிட்டிவ் கண்ட்ரோல் ஸ்லைடு ஒன்றும் சாயமிடப்பட்டிருக்க வேண்டும். அது சிவக்கவில்லை என்றால் உங்கள் ஸ்லைடின் நெகட்டிவுக்குப் பொருளில்லை. பூஞ்சைக்கு ஜிஎம்எஸ் சாயமும் சேர்த்துக் கேட்பேன், பிஏஎஸ்ஸைவிட அதில் கண் சீக்கிரம் பழகும்.

பின்னூட்டங்களுக்குப் பிறகு சேர்த்தது

"ஸீல்–நீல்சன் நெகட்டிவ், அப்படியானால் காசநோய் இல்லையா?" என்று பலர் கேட்டிருந்தார்கள். இல்லை என்று சொல்ல முடியாது. நிணநீர்க் கணுவில் பாக்டீரியா மிகக் குறைவாகவே இருக்கும், சாயத்தில் சிக்காமல் கல்ச்சரிலோ பிசிஆரிலோ வரலாம். ஆனால் முழுத் திசுவையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் கல்ச்சர் செய்ய முடியாது. அதனால் கணுவை எடுக்கும் அறையிலேயே ஒரு துண்டை ஃபார்மலின் இல்லாமல், சுத்தமான கொள்கலனில் ஒதுக்கச் சொல்லுங்கள்.

இன்னொருவர் நெக்ரோசிஸைச் சுற்றி ஜெயன்ட் செல்கள் இருந்த படம் அனுப்பியிருந்தார். நடுவில் உட்கரு இல்லாத, அடுக்கடுக்கான இளஞ்சிவப்புத் தகடுகள் இருந்தன. அது கெரட்டின். இப்படிப்பட்ட இடத்தில் உயிரோடு இருக்கும் கட்டிச் செல்கள் ஓரமாகச் சில மட்டும் இருக்கலாம், பெரிய, அடர்ந்த, ஒழுங்கற்ற உட்கருக்களோடு. ஸ்குவாமஸ் கார்சினோமா பரவிய கணு கிரானுலோமா போல ஏமாற்றும் வழி இது. கெரட்டின் தெரிந்தால் பிளாக்கில் இன்னும் ஆழமாக வெட்டிய லெவல்களைக் கேளுங்கள். கிரானுலோமாவின் ஓரத்தை மட்டும் தொட்டுப்போன வெட்டிலும் இதேதான்: எபிதீலாய்டு செல் கூட்டம் மட்டும் தெரிந்து நடு தெரியாவிட்டால், ஆழமான லெவலில் நெக்ரோசிஸ் வரக்கூடும்.