இறக்குமதி வரி மாறினால் பவன் விலை எவ்வளவு மாறும்? நீங்களே கணக்குப் போடலாம்

எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கல்யாணத்துக்கு நகை எடுப்பவர்கள் பாலக்காட்டு விலை, கோவை விலை இரண்டையும் விசாரித்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். 2024 ஜூலை 23, பட்ஜெட் அன்று எல்லைக்கு இரு பக்கமும் ஒரே நாளில் பவனுக்கு சுமார் 2,000 ரூபாய் இறங்கியது. உலகச் சந்தையிலோ தங்கம் அவுன்ஸ் 2,400 டாலரை ஒட்டியே இருந்தது. உலக விலை லண்டனிலும் நியூயார்க்கிலும் உருவாகிறது. நம் வரி, தங்கம் இந்தியாவுக்குள் நுழையும்போதுதான் அதன்மேல் ஏறுகிறது. அன்று அந்த வரி 15 சதவீதத்திலிருந்து 6 ஆனது.

முதலில் வரியில்லாத விலை. ஒரு அவுன்ஸ் தங்கத்தின் டாலர் விலையை டாலரின் ரூபாய் மதிப்பால் பெருக்கி, ஒரு அவுன்ஸில் உள்ள கிராம் அளவான 31.1035-ஆல் வகுத்தால் ஒரு கிராம் 24 கேரட் விலை வரும். டாலர் 83.70 ரூபாய் என்றால் சுமார் 6,458 ரூபாய்.

அடுத்து வரி, கேரட், பவன்: 15 சதவீத வரிக்கு 1.15, 6 சதவீதத்துக்கு 1.06, 22 கேரட்டுக்கு 0.916, ஒரு பவனின் எட்டு கிராமுக்கு 8 என்று பெருக்க வேண்டும். இதற்குத் தனி ஆப் எதுவும் வேண்டாம். எக்செல் போதும், வரியை மட்டும் மாற்றிப் பார்க்கலாம்.

```
=2400*83.7/31.1035*1.15*0.916*8
=2400*83.7/31.1035*1.06*0.916*8
```

முதல் வரிசை பழைய வரிக்கு: சுமார் 54,430 ரூபாய். இரண்டாவது புதிய வரிக்கு: சுமார் 50,170.

பலரும் தடுக்கி விழும் இடம் இது. 15-லிருந்து 6 என்றால் 9 சதவீதம் இறங்கும் என்று நினைக்கத் தோன்றும். அப்படியல்ல. கடை விலை என்பது 100 அல்ல, வரியோடு சேர்ந்த 115. அதில் 9 குறைந்தால் 7.8 சதவீதம்தான். விலையைக் கையில் வைத்துக்கொண்டு நேராக 9 சதவீதம் கழித்தால், பவனுக்கு 640 ரூபாய் அளவுக்குத் தப்பாக வரும்.

சரி, கணக்குப்படி 4,260 ரூபாய் இறங்க வேண்டும், 2,000 மட்டும் ஏன்? கடைகளில் இருந்த சரக்கு பழைய வரி கட்டி வந்தது. அதை ஒரே நாளில் புதிய விலைக்கு விற்றால் கடைக்காரருக்கு நஷ்டம். அதனால் விலை படிப்படியாகத்தான் இறங்கும். அடுத்த நாட்களில் கேரளத்தில் பவன் மேலும் இறங்கியது. ஆனால் அதற்குள் உலக விலையும் சரிந்திருந்தது. அதனால் தினமும் டாலர் விலையைப் புதிதாகப் போட்டு, கணக்குக்கும் போர்டு விலைக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். டாலர் விலை மாறாமல் இடைவெளி சுருங்கினால், வரிக் குறைப்பு இறங்கி வருகிறது என்று பொருள்.

பிற்சேர்க்கை: கணக்கு பில்லோடு ஒத்துவரவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். போர்டு விலையில் 3 சதவீத ஜிஎஸ்டியும் செய்கூலியும் சேராது, அவை பில்லில்தான் ஏறும். ஒப்பிடுவதை எப்போதும் போர்டு விலையோடு ஒப்பிடுங்கள். அப்புறம், இங்கே போட்ட 6 சதவீதம் 2024 ஜூலை மாற்றத்துக்கானது. நீங்கள் கணக்குப் போடும் நாளில் எந்த வரி அமலில் இருக்கிறதோ அதைப் போடுங்கள்.