வீடியோ ஏற்றும்போது டேட்டாவைக் கரைக்கும் தவறுகள்

டேட்டா தீர்ந்துவிட்டால் புதிதாக வீடியோ போடுகிறவர்கள் தாங்கள் பார்த்த வீடியோக்கள் மேல்தான் பழி போடுகிறார்கள். பொதுவாக மொபைல் பிளானில் இறக்குவதும் ஏற்றுவதும் ஒரே கணக்கில்தான் கழியும்.

எடிட்டிங் ஆப் தந்த ஃபைலை அப்படியே ஏற்றுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் ஏற்றுவதற்கு முன் ஒரு நிமிடம் பார்த்தாலே தவிர்த்துவிடலாம்.

தையல் சொல்லித்தரும் ஒரு பெண் 8 நிமிடப் பாடம் ஒன்றை 4K-வில் எக்ஸ்போர்ட் செய்திருந்தார். ஃபைல் 3 ஜிபி. அவருடைய பிளானில் ஒரு நாளைக்கு 2 ஜிபிதான். பாதிக்கு மேல் ஏறியதும் நெட் நின்றுவிட்டது. பதறிப்போய் கேன்சல் செய்து, மறுநாள் முதலிலிருந்து ஆரம்பித்தார். அன்றும் அதே இடத்தில் நின்றது.

ஃபைல் அளவை நிமிடத்தால் வகுத்துப் பாருங்கள். அவருடையது நிமிடத்துக்கு 375 எம்பி. ஒரு நொடி வீடியோவுக்கு ஆகும் டேட்டாவான பிட்ரேட்டில் சொன்னால் 50 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 50 மெகாபிட். 8 மெகாபிட் சேர்ந்தால் ஒரு எம்பி. சாதாரண 30 ஃபிரேம் 1080p வீடியோவுக்கு யூடியூப் பரிந்துரைப்பது 8 எம்பிபிஎஸ்தான். அது நிமிடத்துக்கு 60 எம்பி ஆகும். அந்தக் கணக்கில் மறுபடி எக்ஸ்போர்ட் செய்யச் சொன்னேன். 480 எம்பியில் முடிந்தது. போனில் பார்த்தால் ஒவ்வொரு தையலும் தெளிவாகவே தெரிந்தது. எவ்வளவு பெரிய ஃபைலாக ஏற்றினாலும் யூடியூப் அதைத் தன் அளவுக்கு மறுபடி சுருக்கித்தான் காட்டுகிறது.

1080p என்று மாற்றினால் மட்டும் போதாது. பிட்ரேட்டை ‘உயர்தரம்’ என்று விட்டுவைத்தால் ஃபைல் மறுபடி வீங்கிவிடும். அதனால் எக்ஸ்போர்ட் ஆனதும் நிமிடத்துக்கு எத்தனை எம்பி என்று பார்த்துவிடுங்கள். ஓடும் தண்ணீர், அசையும் இலை, கூட்டம் போன்ற காட்சிகளில் படம் கட்டம் கட்டமாக உடைந்தால் பிட்ரேட்டை 12 எம்பிபிஎஸ் வரை கூட்டலாம். உட்கார்ந்து பேசுகிற வீடியோவுக்கு 720p, 5 எம்பிபிஎஸ் போதும்.

நின்றுபோன அப்லோடை கேன்சல் செய்வது

கேன்சல் செய்தால் அதுவரை ஏறியது வீண். பல ஆப்கள் நெட் வந்ததும் விட்ட இடத்திலிருந்தே தொடரும், கொஞ்சம் காத்திருங்கள்.

கேலரி பேக்கப்பை மறந்துவிடுவது

வெட்டாத மூலக் கிளிப்புகளை எல்லாம் போட்டோ பேக்கப் ஆப் பின்னணியில் மொபைல் டேட்டாவிலேயே அனுப்பிக்கொண்டிருக்கலாம். நீங்கள் ஏற்றுவது 480 எம்பியாக இருந்தாலும், அந்தக் கிளிப்புகள் சில ஜிபி இருக்கலாம். போன் செட்டிங்கில் ஆப் வாரியாக டேட்டா செலவைப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். பேக்கப்பை வைஃபைக்கு மட்டும் என்று மாற்றுங்கள்.

ஏற்றிய வீடியோவை முழுத்தரத்தில் ஓட்டிச் சரிபார்ப்பது

கேலரியில் பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.

பார்க்கும்போது தரத்தை ஆட்டோவில் விடுவது

போனுக்கு 480p போதும்.