மேற்கு ஜன்னலுக்கு நண்பகல் நிழலைப் பார்த்து ஏமாறாதீர்கள்

கட்டடத்தின் கணினி மாடலில் புதிதாக நிழல் ஆய்வு செய்பவர்கள் காட்டும் படங்களில் நான் முதலில் பார்ப்பது நேரத்தைத்தான். போன வாரமும் அதே படம்: ஜூன் 21, நண்பகல் 12 மணி, மேற்கு ஜன்னல் முழுக்க நிழல், "சன்ஷேடு வேலை செய்யுது சார்" என்ற விளக்கத்தோடு.

நண்பகலை மட்டும் பார்ப்பது

சூரியன் உச்சத்தைக் கடக்கும்போது நேர் மேற்கு பார்த்த சுவருக்குப் பக்கவாட்டில்தான் நிற்கும். அந்த நேரத்தில் சன்ஷேடே இல்லாவிட்டாலும் ஜன்னலில் வெயில் விழாது. அதாவது அந்தப் படம் எதையும் சோதிக்கவில்லை. நானும் இதே படத்தை நம்பி ஒரு வீட்டில் கான்கிரீட் சன்ஷேடு போட்டுக் கொடுத்தேன். குடிவந்த பிறகு மாலை நாலு மணிக்கு அந்த அறையில் உட்கார முடியவில்லை என்றார்கள். போய்ப் பார்த்தால், கண்ணாடியின் மேல்பகுதியில் ஒரு பட்டை மட்டும் நிழல், அதற்குக் கீழே கட்டில் வரை வெயில். கான்கிரீட்டை இனி இழுத்து நீட்டவா முடியும்? இன்றும் அதை நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். வடக்கு அட்சரேகை 30 பாகை, 1.2 மீட்டர் உயர ஜன்னல், அதன் தலையை ஒட்டி 60 செ.மீ. நீட்டிய சன்ஷேடு, மார்ச் 21. சூரியன் உச்சத்தில் இருப்பதை 12 மணி என்று கொள்ளும் சூரிய நேரப்படி 1 மணிக்கு ஜன்னல் முழுக்க நிழல். 2 மணிக்கு நிழல் ஜன்னலின் மேலிருந்து 90 செ.மீ. வரைதான் இறங்கும், 3 மணிக்கு 52, 4 மணிக்கு வெறும் 30. அந்த நாலு மணி வெயிலை முழுக்க மறைக்க 2.4 மீட்டர் நீட்ட வேண்டும், அது சன்ஷேடு இல்லை, வராந்தா. ஜூனில் அதே 4 மணிக்கு 45 செ.மீ., டிசம்பரில் 15 தான்.

சரி, செங்குத்துத் தடுப்புகள் வைக்கலாமே என்பார்கள். மார்ச் 4 மணிக்கு சூரியன் ஜன்னலின் நேரெதிரிலிருந்து 16 பாகைதான் விலகியிருக்கும், சுவருக்குச் செங்குத்தாக நிற்கும் பலகைகளுக்கு இடையில் வெயில் நேராக உள்ளே வந்துவிடும். பலகையைச் சாய்த்து வைக்க வேண்டும், இல்லையென்றால் கண்ணாடிக்கு வெளியே இறக்கி ஏற்றும் திரை. என் ஓட்டு திரைக்குத்தான், ஏனென்றால் வெயில் கண்ணாடியைத் தாண்டிய பிறகு உள்ளே தொங்கும் திரை அதை நிறுத்தினாலும் வெப்பத்தில் பெரும்பங்கு அறைக்குள்ளேயே தங்கிவிடும்.

அதனால் மேற்கு ஜன்னலுக்கு மார்ச், ஜூன், டிசம்பர் 21 மூன்றிலும் 1 மணியிலிருந்து சூரியன் மறையும் வரை மணிக்கொரு படம் எடுங்கள், நிழலின் விளிம்பு ஜன்னலில் எங்கே நிற்கிறது என்று செ.மீ.யில் குறியுங்கள்.

சன்ஷேடை ஜன்னல் அகலத்தோடு நிறுத்துவது

மேலே சொன்ன ஜன்னலில் மார்ச் 2 மணிக்கு நிழல் சுமார் அரை மீட்டர் வடக்கே நகர்ந்துவிடும், தென்முனையில் அந்த அளவு நீட்டாவிட்டால் ஓரத்தில் வெயில் நுழையும்.

காம்பஸ் காட்டும் வடக்கை அப்படியே மாடலில் போடுவது

அது காந்த வடக்கு. உண்மையான வடக்குக்குத் திருத்திப் போடுங்கள்.

ஏப்ரலும் ஆகஸ்டும்

ஏப்ரல் 21-க்கும் ஆகஸ்ட் 21-க்கும் சூரியப் பாதை கிட்டத்தட்ட ஒன்றுதான், வெப்பம் ஒன்றல்ல. அசையாத சன்ஷேடுக்கு இந்த வித்தியாசம் தெரியாது.