முட்டைக் குழம்பு: வெள்ளைக்கரு ரப்பராகாமல் இருக்க

முட்டையும் குழம்போடு சேர்ந்து கொதித்தால்தான் காரம் உள்ளே ஏறும் என்று எங்கள் காரைக்குடி வீட்டில் அப்பத்தா சொல்வார். ஆனால் குழம்பின் மணமும் காரமும் பெரும்பாலும் எண்ணெயிலும் மசாலா விழுதிலும் இருப்பதால், இறுகிய வெள்ளைக்கருவுக்குள் அவை அதிகம் புகுவதில்லை. உப்பும் புளிப்பும் மட்டுமே மெல்ல இறங்கும். அதற்கும் கொதிப்பைவிட ஊறும் நேரம்தான் உதவும். வெள்ளைக்கரு ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸிலேயே நன்றாக இறுகிவிடுகிறது. அதற்கு மேலும் கொதிக்கவிட்டால் அதிலுள்ள புரதம் மேலும் சுருங்கித் தன்னிடமுள்ள நீரை வெளியே பிழிந்துவிடும். ரப்பர்த்தன்மை அதனால் வருவதே.

ஆகவே முட்டையைத் தனியே அளவாக வேகவைத்து, குழம்பை முழுமையாக முடித்து, பிறகே இரண்டையும் சேர்க்க வேண்டும். இங்கே ஆறு முட்டைக்கான கணக்கைத் தருகிறேன்.

முதலில் முட்டை. குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்து அரை மணி நேரம் வெளியே வைத்த பிறகு, நன்றாகக் கொதிக்கும் நீரில் கரண்டியால் ஒவ்வொன்றாக இறக்கி, தீயைச் சற்றுக் குறைத்து 9 நிமிடம் வேகவிடுங்கள். குளிர்ந்த நீரில் போட்டு அடுப்பேற்றுவதைவிட இந்த முறையில் ஓடு எளிதாக உரியும். நேரக் கணக்கும் தப்பாது. வெந்ததும் உடனே குளிர்ந்த நீருக்கு மாற்றுங்கள், இல்லையெனில் ஓட்டுக்குள்ளேயே சூடு தங்கி வேக்காடு தொடரும். வெட்டிப் பார்க்கும்போது மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை கலந்த சாம்பல் வளையம் தெரிந்தால், குழம்பைத் தொடுவதற்கு முன்பே முட்டை அதிகமாக வெந்துவிட்டது என்று பொருள்.

இனிக் குழம்பு. நான்கு மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் பட்டை, சோம்பு, சிறு துண்டு கல்பாசி, கறிவேப்பிலை தாளித்து, இரு கை நிறையச் சின்ன வெங்காயத்தையும் இரண்டு தக்காளியையும் வதக்குங்கள். வறுத்து அரைத்த மிளகாய், மல்லி, மிளகு, சீரகத் தூள், நெல்லிக்காய் அளவு புளியின் கரைசல், உப்பு ஆகியவற்றைச் சேர்த்துப் பச்சை வாசனை போகக் கொதிக்கவிட்டு, தேங்காயும் கசகசாவும் அரைத்த விழுதைக் கடைசியில் விடுங்கள். எண்ணெய் ஓரத்தில் பிரியும் வரை காத்திருங்கள். குழம்பு விரும்பும் பதத்தைவிடச் சற்றுக் கெட்டியாக இருக்கட்டும், நீர்த்த குழம்பு முட்டையின் மேல் ஒட்டாது.

பலரும் இடறும் இடம் இதற்கு அடுத்தது. அடுப்பை அணைத்தவுடன் முட்டையைப் போட்டுவிடக் கூடாது, மண்சட்டியில் வைத்திருந்தால் கட்டாயமாகக் கூடாது. மண்சட்டி சூட்டைப் பிடித்துக்கொண்டு, தீ இல்லாமலேயே சில நிமிடம் தளதளவெனக் கொதித்துக்கொண்டிருக்கும். குமிழ்கள் முற்றிலும் அடங்கி, ஆவி மட்டும் எழும் வரை பொறுங்கள். மண்சட்டிக்கு ஏறத்தாழ ஐந்து நிமிடம் ஆகும். அகன்ற அலுமினியச் சட்டி விரைவில் அடங்கிவிடும். சுவைக்கு மண்சட்டிதான் என்றாலும், புதிதாகச் சமைப்பவர்கள் அகன்ற சட்டியில் தொடங்குவதே நல்லது; ஆறு முட்டையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் கிடக்கும்.

உரித்த முட்டையில் நீளவாக்கில் மூன்று நான்கு இடங்களில், வெள்ளைக்கருவின் கனத்தளவே ஆழமாகக் கீறுங்கள். மஞ்சள் கருவைத் தொட்டுவிட்டால் அது உதிர்ந்து குழம்பில் கரைந்து, குழம்பைத் திரிதிரியாக்கிவிடும். கத்தியைவிடத் தையல் ஊசியால் கீறுவதே எனக்குப் பிடித்தமானது, ஆழம் கட்டுக்குள் இருக்கும். கீறிய முட்டைகளை மெதுவாக இறக்கி, குழம்பை மேலே அள்ளி ஊற்றி, மூடி 15 நிமிடம் ஊறவிடுங்கள். சரியாக வந்திருந்தால் கரண்டி விளிம்பில் அழுத்தியதும் வெள்ளைக்கரு எளிதாகப் பிளக்கும். துள்ளி விலகினால் கொதிப்பில் அகப்பட்டிருக்கிறது.

மஞ்சள் தூள் தடவி எண்ணெயில் பொரித்துப் போடலாமா என்று பலர் கேட்டார்கள். பொரித்தால் மேல்தோல் தடித்துச் சற்று விறைப்பாகும். அந்தக் கடியை விரும்புபவர்கள் செய்யலாம், எனக்கு அது வேண்டியதில்லை.

பின்சேர்க்கை: நாட்டுக்கோழி முட்டை சிறியது என்பதால் 7 நிமிடமே போதும்; அன்றே இட்ட முட்டையின் ஓடு உரிய மறுக்கும், ஆகவே ஓரிரு நாள் வைத்துச் சமையுங்கள். மறுவேளைக்குச் சூடாக்கும்போது முட்டைகளைத் தனியே எடுத்துவைத்து, குழம்பை மட்டும் நன்கு கொதிக்கவிட்டு, அடங்கியபின் மீண்டும் இறக்குங்கள்.