நிலைமுனை உத்திரத்தின் தகர்வுச் சுமை: மெக்கானிசம் முறையில் ஒரு கணக்கு

இரு முனைகளும் அசையாமல் பிணைக்கப்பட்ட 6 மீட்டர் எஃகு உத்திரத்தின் மீது, இடது முனையிலிருந்து 2 மீட்டர் தொலைவில் W என்ற புள்ளிச் சுமை நிற்கிறது என்று கொள்வோம். நடுவில் நிற்கும் சுமையில் சமச்சீர்மையே பல தவறுகளை மறைத்துவிடும் என்பதால், வேண்டுமென்றே ஓரம் தள்ளிய சுமையை எடுத்துள்ளேன்.

முதலில் குறுக்குவெட்டின் முழு பிளாஸ்டிக் திருப்புத்திறனைக் கணக்கிட வேண்டும். எஃகு நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் தகைவு 250 N/mm², பிளாஸ்டிக் வெட்டுக்கெழு 480 cm³ எனில்:

```
Mp = 250 × 480000 = 120 × 10⁶ N·mm = 120 kN·m
```

திருப்புத்திறன் Mp-யை எட்டிய வெட்டு, அதே திருப்புத்திறனோடு கீல்போலச் சுழலத் தொடங்கும்; அடுத்து, இத்தகைய கீல்கள் எங்கெங்கே உருவாகும் என்று பார்ப்போம். இந்த உத்திரம் இரண்டு மடங்கு நிலையியல் தேறாமை உடையது. ஆகவே முழுத் தகர்வுக்கு மூன்று பிளாஸ்டிக் கீல்கள் தேவை. புள்ளிச் சுமையின் கீழ் திருப்புத்திறன் வரைபடம் நேர்கோடுகளால் ஆனது என்பதால், உச்சங்கள் இரு முனைகளிலும் சுமைக்கு நேர் கீழும் மட்டுமே வரும்.

மூன்று கீல்களும் உருவானதும் உத்திரம் மெக்கானிசமாகி, இரண்டு நேரான துண்டுகளாகச் சுழல்கிறது. இடத்துண்டு θ கோணம் சுழன்றால், சுமை 2θ கீழிறங்கும். வலத்துண்டின் நீளம் 4 மீட்டர் என்பதால் அது θ/2 சுழலும். சுமையின் கீழுள்ள கீல் இந்த இரண்டின் கூட்டுத்தொகையான 1.5θ அளவு சுழல்கிறது. தொடக்கநிலை மாணவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுமாறி θ என்று மட்டும் எழுதிவிடுகிறார்கள்.

சுமை செய்யும் வேலையையும் கீல்கள் உட்கொள்ளும் வேலையையும் சமன்படுத்துவோம். கீல் சுழலும் திசை எதுவாயினும் அது ஆற்றலை உட்கொள்வதால், எல்லா உறுப்புகளும் நேர்க்குறியே பெறும்.

```
W × 2θ = Mp (θ + 1.5θ + 0.5θ) = 3 Mp θ
W = 1.5 Mp = 180 kN
```

இந்த முறை தருவது மேல் எல்லை மட்டுமே. தவறான மெக்கானிசத்தை எடுத்தால் உண்மையைவிடப் பெரிய சுமை கிடைக்கும், அது பாதுகாப்பற்ற பக்கம். உதாரணமாக, நடுக்கீலை உத்திரத்தின் மையத்தில் வைத்தால் W × 2θ = 4 Mp θ ஆகி, 240 kN வருகிறது. எனவே திருப்புத்திறனைச் சரிபார்ப்பது கட்டாயம்: எளிதாகத் தாங்கப்பட்ட உத்திரத்தில் சுமையின் கீழ் Wab/L வரும், அதிலிருந்து முனைகளின் Mp-யைக் கழிக்க வேண்டும்.

```
180 kN: 180 × 2 × 4 / 6 − 120 = 120 kN·m  (Mp-க்குச் சமம்)
240 kN: 240 × 2 × 4 / 6 − 120 = 200 kN·m  (Mp-யை மீறுகிறது)
```

எங்கும் Mp மீறப்படாததால் 180 kN சரியான தகர்வுச் சுமை. மீள்தன்மைக் கணக்கில் இடது முனைத் திருப்புத்திறன் Wab²/L², அதாவது 0.889W; ஆகவே முதல் கீல் ஏறத்தாழ 135 kN-இல் அங்கே தோன்றும். அதன்பின் 180 வரை சுமை ஏற வேண்டுமானால், அந்தக் கீல் வலுவிழக்காமல் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். மெல்லிய விளிம்புத் தகடு இடையிலேயே நெளிந்துவிட்டாலோ, உத்திரம் பக்கவாட்டில் சரிந்துவிட்டாலோ இந்த 180 கிட்டாது.